ஐந்து உபசாரம், ஓர் அலமாரி

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில், பூஜைச் சாமான் கடைக்கு முதன்முதலாக வருபவரைக் கண்டுபிடிப்பது கடைக்காரருக்குப் பெரிய வேலையில்லை. கையில் பட்டியல் இருக்காது. கண் மட்டும் எல்லாத் தட்டுகளிலும் ஓடும். அப்படி வந்து நின்ற ஓர் இளம்பெண்ணிடம் "புது வீடாம்மா? செட்டாவே இருக்கு, பாருங்க" என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார் கடைக்காரர். விளக்கு, மணி, தூபக்கால், கற்பூரத் தட்டு, பஞ்சபாத்திரம், உத்தரணி, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், ஊதுபத்தி ஸ்டாண்டு என்று எல்லாமே பித்தளையில் பளபளத்தன.

அந்தப் பெண்ணுக்கு ஊர் அம்பாசமுத்திரம். பழைய மகாபலிபுரம் சாலையில் முதல் வேலை, சோழிங்கநல்லூரில் முதல் வாடகை வீடு. ஊரில் பூஜை என்பது ஆச்சியின் பொறுப்பு. பேத்தியின் பங்கு, கூப்பிட்டதும் வந்து திருநீறு பூசிக்கொள்வதோடு முடிந்துவிடும். இப்போது தானே தொடங்க வேண்டும். கடையில் நின்றபடியே ஆச்சிக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, ஒத்தை ஆளுக்கு அம்புட்டும் எதுக்கு? சந்தனம், பூ, தூபம், தீபம், சாமிக்குச் சாப்பிட ஏதாவது. அஞ்சு போதும்லா. மத்ததை அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார் ஆச்சி.

ஆச்சி போகிற போக்கில் சொன்ன அந்த ஐந்துக்கு நூல்களில் பஞ்சோபசாரம் என்று பெயர். பூஜையின் அடிப்படை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பது. வாருங்கள் என்று அழைத்து, ஆசனம் கொடுத்து, கால் கழுவவும் குடிக்கவும் நீர் தந்து, நீராட்டி, உடுத்தி, சந்தனம் பூசி, பூச்சூட்டி, புகை காட்டி, விளக்குக் காட்டி, உணவிட்டு, கடைசியில் வலம் வந்து வணங்குவது வரை நீளும் முழு வரிசை சோடசோபசாரம், அதாவது 16 உபசாரங்கள். கோயிலில் அர்ச்சகர் செய்வதெல்லாம் இந்த வரிசையின் விரிவுதான். அவ்வளவுக்கு நேரமில்லாத வீடுகளுக்கு வழக்கமே வகுத்துக் கொடுத்த சுருக்கம்தான் ஐந்து. கடைப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு சாமானும் இந்த வரிசையில் ஏதோ ஒரு உபசாரத்துக்கான கருவி. எது எதற்கு என்று தெரிந்துவிட்டால் எதை இன்று வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் இடம். படம் கிழக்குப் பார்க்க இருக்க வேண்டும், அல்லது கும்பிடுபவர் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும் என்று இரண்டு வழக்கம் உண்டு. ஒன்றில் படம் மேற்குச் சுவரில் இருக்கும், மற்றதில் கிழக்குச் சுவரில். இரண்டுக்கும் ஆள் இருப்பதால் வாடகை வீட்டில் வசதிப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். தெற்குப் பார்க்க வைப்பதைத்தான் பெரும்பாலான வீடுகளில் தவிர்ப்பார்கள். இந்தப் பெண் ஹாலின் மேற்குச் சுவரில் இருந்த திறந்த அலமாரித் தட்டைத் தேர்ந்தெடுத்தார். திசையை விட அவர் கவனித்துப் பார்த்தது மேல்தட்டின் உயரத்தை. சுடருக்கு நேர் மேலே ஒரு முழமாவது வெளி இல்லையென்றால், ஒட்டுப்பலகையின் மேல்பூச்சு சில வாரங்களில் பழுப்பேறிக் கொப்பளித்துவிடும். பக்கத்தில் திரைச்சீலை கூடாது, மின்விசிறிக் காற்று நேராக அடிக்கக் கூடாது. கதவு வைத்த பூஜை அலமாரி என்றால் விளக்கு எரியும்போது கதவைச் சாத்தவே கூடாது.

அடுத்தது படம். சின்ன விக்கிரகங்களும் கடையில் அழகாகத்தான் இருந்தன. ஆனால் விக்கிரகம் வைத்தால் தினமும் நைவேத்தியம், நாள் பார்த்து அபிஷேகம் என்று கடமை கூடும் என்பது பெரியவர்கள் கணக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அலமாரி ஒரு வாரம் பூட்டித்தான் கிடக்கும். அதனால் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் சட்டம் போட்ட படங்களே போதும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். இந்த அச்சுப் படங்களின் வரலாறும் சுவையானது. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை மலிவாக வீடுகளுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி ஊர் ஊராகப் போயின. நம் வீடுகளில் இருக்கும் முருகன், மீனாட்சி முகங்களில் பல அந்தக் கைகளின் வழி வந்தவை.

குலதெய்வத்துக்குத்தான் படம் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போல இவர்களும் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள். அங்கே கொடுத்த திருநீற்றை ஒரு சிமிழில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. படமில்லாத குலதெய்வங்களுக்குத் தமிழ் வீடுகளில் இப்படிப் பிடிமண்ணோ, சொம்பில் நீரோ, திருநீறோதான் அடையாளம்.

இனி விளக்கு. ஐந்தில் அதிக யோசனையும் அதிகத் தவறும் இங்கேதான். கடையில் மூன்று வகை இருந்தது: அகல், காமாட்சி விளக்கு, குத்துவிளக்கு. குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய் விடும் தகழி, உச்சி என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் இதற்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் பெற்றது. ஐந்து முகமும் ஏற்றும் நாளில் அதன் அழகுக்கு இணையில்லை. தினசரிக்கோ காமாட்சி விளக்கு கைக்கு அடக்கம்: ஒரு முகம், ஒரு திரி, பின்னால் ஒரு தகடு. பெயர் காமாட்சி என்றாலும் கடையில் கிடைக்கும் பலவற்றின் தகட்டில் இருப்பவள், இரு யானைகள் நீரூற்ற அமர்ந்திருக்கும் கஜலட்சுமி. வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். சமதரையில் வைத்து விரலால் தட்டினால் ஆடக் கூடாது. தகழியில் தண்ணீர் ஊற்றினால் அடியில் கசியக் கூடாது. இந்தப் பெண் இரண்டையும் கடையிலேயே செய்து பார்த்தார். கடைக்காரரும் சலித்துக்கொள்ளாமல் தண்ணீர் கொடுத்தார்.

எண்ணெய்க்கு நல்லெண்ணெய் போதும், விசேஷ நாளில் நெய். "தீப எண்ணெய்" என்று புட்டியில் வருவது பெரும்பாலும் பல எண்ணெய்களைக் கலந்து வாசனை சேர்த்தது. சமையலுக்கு ஆகாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். எரிக்கலாம், தவறில்லை, நைவேத்தியம் செய்யும் அடுப்பங்கரையில் மட்டும் அதை வைக்காமல் இருப்பது நல்லது.

முதல் நாள் காலை விளக்கு ஏற்றிய கால்மணி நேரத்தில் மேல்தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்துவிட்டது. எண்ணெய் கலப்படமோ என்று சந்தேகம் வந்தது. ஆச்சி வீடியோ அழைப்பில் சுடரைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார்: "திரி நீட்டிக்கிட்டு நிக்கி பாரு. நெல்லு நீளம் வெளிய இருந்தாப் போதும்ட்டி."

ஆச்சி சொன்னதன் பின்னால் இருக்கும் விஷயம் எளிமையானது. பஞ்சுத் திரியின் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகள் எண்ணெயை மேலே இழுக்கின்றன. நுனியின் சூட்டில் அது ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. வெளியே நீட்டிய திரி நீளமானால் ஆவி அதிகமாகும். அது முழுக்க எரியும் அளவுக்குச் சுடரைச் சுற்றிக் காற்று கிடைக்காது. எரியாமல் மிஞ்சும் கரி, புகையாக மேலே போய்ப் படியும். சுடர் உயர்ந்து சிவந்து நுனி துடித்தால் திரி நீளம் என்று பொருள். உள்ளே தள்ளிவிட்டால் மஞ்சளாக, அசையாமல் நிற்கும். எண்ணெய் இருந்தும் சுடர் மங்கினால் நுனியில் கருகல் கட்டியிருக்கும், கிள்ளி எறிய வேண்டும். சடசடவென்று பொரிந்தால் விளக்கைக் கழுவியபின் ஈரம் போகவில்லை. அலமாரித் தட்டில் எண்ணெய் வழிந்திருந்தால் திரியின் நுனி தகழியின் விளிம்பைத் தாண்டித் தொங்கியிருக்கும்; சுடரை நோக்கி ஏற வேண்டிய எண்ணெயை அது வெளியே இழுத்துச் சொட்டவிடும். விளக்குக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு வைப்பது இதற்காகத்தான். பழைய எண்ணெய் மேலேயே புதிதாக ஊற்றிக்கொண்டே போனால் நாளடைவில் அது பிசினாகி இழைகளின் இடுக்கை அடைத்துவிடும். வாரம் ஒரு முறை மொத்தமாக மாற்ற வேண்டும்.

பூஜை முடிந்து அலுவலகம் கிளம்பும்போது விளக்கு எரியலாமா? ஆச்சிக்கும் பேத்திக்கும் உண்மையிலேயே கருத்து வேறுபாடு வந்தது இங்கேதான். ஆச்சி வீட்டு விளக்கு எண்ணெய் தீரும்வரை எரியும். ஆனால் அந்த வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார். பூட்டிய அடுக்குமாடி வீட்டில் சுடரை விட்டுப்போவது ஆபத்து, இதில் பேத்தி பக்கம்தான் நியாயம். வாயால் ஊதுவது வழக்கமில்லை, ஊதினால் சூடான எண்ணெயும் தெறிக்கும். திரியை ஒரு குச்சியால் எண்ணெய்க்குள் மெல்ல இழுத்துவிட்டு விளக்கை மலையேற்றிவிட்டுக் கிளம்புகிறார். திரியும் எண்ணெயில் ஊறி, மறுநாள் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்கிறது.

சந்தனமும் குங்குமமும் சின்னச் செலவு, ஆனால் ஏமாறுவது எளிது. கல்லில் கட்டையை உரைத்து எடுப்பதுதான் சந்தனம். சின்னப் பொட்டலத்தில் மலிவாகக் கிடைக்கும் "சந்தனப் பொடி" பெரும்பாலும் வாசனை ஏற்றிய மரத்தூள். படத்துக்குப் பொட்டு வைக்க அது போதும். நெற்றியில் வைக்கும் குங்குமத்தில்தான் கவனம் தேவை. முறையான குங்குமம் மஞ்சளிலிருந்து வருவது. மஞ்சளில் இருக்கும் நிறமி சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சிவப்பதும் இதே மாற்றம்தான். மலிவான குங்குமத்தில் மஞ்சளுக்குப் பதில் சாயம் இருக்கும். வைத்த இடத்தில் அரிப்போ, நாளாக ஆகக் கருமையோ வந்தால் அந்தக் குங்குமத்தைப் படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பூவுக்கு ஒரு முழம் மல்லிகையும் ஒரு பிடி உதிரிப்பூவும் போதும். ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பிள்ளையாருக்கு அருகம்புல் உகந்தது, துளசி சாதாரண நாளில் வைப்பதில்லை. சிவனுக்குத் தாழம்பூ கிடையாது. இப்படி மரபு சொல்லும் விலக்குகள் சில உண்டு. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விலக்கு வேறொன்று. பூக்கடைகளில் குவிந்து கிடக்கும் செவ்வரளி, இலையிலிருந்து வேர்வரை நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளியைத் தின்றதே காரணமாக இருக்கலாம் என்ற செய்தி வந்ததை அடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைப் பயன்படுத்துவதை நிறுத்தின. படத்துக்கு மாலையாகப் போடுவதில் சிக்கல் இல்லை. பழம் வைக்கும் தட்டிலும் தீர்த்தப் பாத்திரத்திலும் அது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை இருக்கும் வீடென்றால் வாங்காமலே இருந்துவிடலாம்.

தூபத்துக்கு ஊதுபத்தியா சாம்பிராணியா என்று கேட்டால், வாடகை வீட்டுக்கு ஊதுபத்தி. சாம்பிராணி என்பது ஒரு வகை மரத்தின் பிசின். சுமத்ரா தீவிலிருந்து வெகுகாலமாக வந்துகொண்டிருப்பது. அதைத் தணலில் தூவ வேண்டும், தணலுக்கு அடுப்புக்கரி வேண்டும். அந்த வேலையை மிச்சப்படுத்த வந்ததுதான் கடைகளில் "கம்ப்யூட்டர் சாம்பிராணி" என்று சொல்லிக் கேட்டால் எடுத்துத் தரும் கூம்பு. அதில் பாதி கரித்தூளும் வாசனையும்தான். ஊரில் வெள்ளிக்கிழமை வீடு முழுக்க சாம்பிராணிப் புகை நிறையும்; ஓட்டு வீட்டின் இடுக்குகள் வழியாக வெளியேறியும் விடும். ஒற்றைப் படுக்கையறை அடுக்குமாடி வீட்டில் அதே புகை கண்ணை எரிக்கும். எந்தப் புகையானாலும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் தூபத்தைக் காட்டி உடனே வெளியே வைத்துவிடலாம்.

கற்பூரம் ஆச்சி சொன்ன ஐந்தில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பூஜையின் முடிவில் காட்டும் ஆரத்திக்கு அது. நெய்த்திரி காட்டினாலும் ஆரத்திதான். வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கட்டிக் கற்பூரம் குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும் அளவுக்கு விஷம். தீர்த்தத்தில் போடுவது பச்சைக் கற்பூரம்; அது வேறு சரக்கு, அதையும் ஒரு துளிதான் போட வேண்டும். நல்ல கற்பூரம் எரிந்தபின் தட்டில் எதையும் மிச்சம் வைக்காது. மெழுகு போல ஏதேனும் ஒட்டியிருந்தால் கலப்படம்.

நைவேத்தியத்தைப் பெரிய சமையலாக நினைத்துப் பலர் பூஜையையே தள்ளிப்போடுவார்கள். காலை ஏழரைக்கு அலுவலக வண்டி பிடிக்க வேண்டியவருக்கு நான்கு கல்கண்டு, ஒரு வாழைப்பழம், காய்ச்சிய பால், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ருசி பார்க்காமல் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. பெட்டியில் இருந்த பஞ்சபாத்திரமும் உத்தரணியும் இங்கேதான் வேலைக்கு வரும். நைவேத்தியத்தைச் சுற்றி ஒரு கரண்டி நீரை வலமாகச் சுற்றி விட வேண்டும், பிறகு குடிக்க நீர் காட்ட வேண்டும். இந்தப் பெண் அதற்கு வீட்டில் இருந்த சின்ன எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் புதிதாகக் கழுவி ஒதுக்கிக்கொண்டார். மணியை மட்டும் வாங்கினார். தூபமும் தீபமும் காட்டும்போதும் நைவேத்தியத்தின்போதும் இடக்கையால் மணியடித்துக்கொண்டே வலக்கையால் காட்டுவது முறை. முதல் நாள் இரண்டு கையும் ஒரே பக்கம் சுற்றியதைப் பார்த்து ஆச்சி போனில் வெகுநேரம் சிரித்தார்.

ஆக, ஒரு நாள் காலை இப்படிப் போகிறது. குளித்துவிட்டு, நேற்றைய பூவை எடுத்து, தட்டை ஈரத்துணியால் துடைத்து, விளக்கேற்றுவது. பிள்ளையாரை முதலில் கும்பிட்டுக் குட்டிக்கொள்வது. படங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூப்போடுவது. ஊதுபத்தியைச் சுற்றுவது, தீபம் காட்டுவது, கல்கண்டை வைத்து நீர் சுற்றுவது. சாஸ்தா சிமிழிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொள்வது. பழகிவிட்டால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மந்திரம் தெரியாது என்ற தயக்கத்துக்கு ஆச்சி சொன்ன மருந்து, தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடுவது. அதுவும் வராவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது.

மாதவிலக்கு நாள்களைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், ஆனால் தனியாக வாழும் பெண்ணுக்கு முதல் மாதமே வரும் கேள்வி அது. கூட்டுக் குடும்பத்தில் வேறு யாராவது விளக்கேற்றிவிடுவார்கள். இங்கே ஆள் இல்லை. சில வீடுகளில் மூன்று நாள், சிலவற்றில் ஐந்து நாள் நிறுத்துவார்கள், சிலர் நிறுத்துவதே இல்லை. ஆச்சி ஐந்து என்றார், அம்மா மூன்று என்றார். பேத்தி விளக்கை நிறுத்துவதில்லை, பூவையும் நைவேத்தியத்தையும் மட்டும் அந்த நாள்களில் விட்டுவிடுகிறார். வீட்டில் யாரும் அதற்குச் சண்டை போடவில்லை.

விளக்கு துலக்குவது வியாழன் மாலை. வெள்ளியும் செவ்வாயும் துலக்குவதில்லை என்பது ஆச்சி வீட்டுப் பழக்கம். எண்ணெயை வழித்துத் துடைத்துவிட்டுப் புளியைக் கரைத்துத் தேய்த்தால், புளியின் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். தேய்த்த புளியை அப்படியே விட்டாலோ, ஈரத்தோடு வைத்தாலோ இரவுக்குள் கறைத் திட்டுகள் வந்துவிடும். கழுவிய கையோடு துணியால் துடைத்து, மரைத் திருகுகள் இருந்தால் அவற்றையும் உலரவிட்டு, காலையில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும்.

எடுத்த பூவை என்ன செய்வது? ஊரில் வாய்க்காலில் போட்டுவிடுவார்கள். இங்கே அது குப்பையில் போவது மனசுக்கு ஒப்பவில்லை, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பள்ளிக்கரணைப் பக்கம் நீரில் எறிவது அதைவிடக் கெடுதல். நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, மல்லிகையையும் அருகம்புல்லையும் பால்கனித் தொட்டியில் மண்ணுக்கடியில் புதைக்கிறார். ஊதுபத்திக் குச்சியும் எண்ணெய்த் திரியும் மக்கும் குப்பைக் கூடைக்குப் போகின்றன. பஞ்சபாத்திரத்தை இன்னும் வாங்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சி தன் பழைய செம்புப் பாத்திரத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.